கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் நான். மேடையில் யார் பேசினாலும் எனக்குரிய இடம் மண்டபத்தின் கடைசிச் சுவர். அங்கே நின்றுதான் ஒலியைச் சரிபார்க்க வேண்டும். ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கங்களில் சங்கக் கூட்டம், ஆண்டு விழா, பாராட்டு விழா எல்லாம் பெரும்பாலும் கல்யாண மண்டபங்களில்தான் நடக்கின்றன. அந்த மண்டபங்கள் நாதஸ்வரத்துக்கும் பந்திக்கும் கட்டியவை. வழவழப்பான தரை, பளிங்கு ஒட்டிய சுவர், கண்ணாடி ஜன்னல், சிமெண்டுக் கூரை. நாதஸ்வரம் அங்கே பிரமாதமாக இருக்கும். பேச்சு மட்டும் பாதி வழியிலேயே கரைந்துவிடும்.

பேச்சாளர்கள் உடனே என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். "இன்னும் கொஞ்சம் சவுண்டு ஏற்றுங்கள்" என்பார்கள். சில நேரம் குற்றம் என் பெட்டியில் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பல நேரம் அது பேசும் வேகத்திலும், எழுதிக்கொண்டு வந்த வாக்கியத்திலும்தான் இருக்கிறது. அந்தக் குற்றங்களை அறிகுறி வாரியாக எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் திருத்துவது என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் சோதனை: "கேட்கிறதா?" என்று கேட்காதீர்கள்

"பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா?" என்று மேடையிலிருந்து கேட்டால் "கேட்கிறது" என்றுதான் பதில் வரும். அது பொய்யில்லை. குரல் கேட்கிறது. சொல் புரிகிறதா என்பது வேறு கேள்வி, அதை யாரும் கேட்பதில்லை.

கூட்டத்துக்கு முன்பே போய் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். மண்டபத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். அந்த ஓசை காதில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். தட்டியதும் அடங்கிவிட்டால் கவலையில்லை. "ஒன்று, இரண்டு" என்று நிதானமாக எண்ணும் வரை தேங்கி நின்றால் அது ஓசை தேங்கும் மண்டபம். கீழே சொல்லும் மருந்துகள் எல்லாமே உங்களுக்குத் தேவைப்படும்.

அடுத்த சோதனைக்கு ஒரு நண்பரைக் கடைசி வரிசையில் காகிதமும் பேனாவும் கொடுத்து உட்கார வையுங்கள். உங்கள் உரையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியக் கூடாது. உரையிலிருந்து ஐந்தாறு வாக்கியங்களைப் படியுங்கள், அவர் கேட்டதை அப்படியே எழுதட்டும். தலையாட்டச் சொல்ல வேண்டாம். எழுத வைத்தால்தான் உண்மை தெரியும். அவர் எழுதியதைப் பார்த்துக் கீழே உள்ள அறிகுறிகளில் எது உங்களுடையது என்று முடிவு செய்யுங்கள்.

அறிகுறி: குரல் நன்றாகக் கேட்கிறது, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன

நண்பரின் காகிதத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொற்கள் இருக்கும், இடையில் கோடுகள் இருக்கும். "என்னமோ சொன்னீர்கள், பிடிக்க முடியவில்லை" என்பார்.

காரணம் எளியது. நீங்கள் சொன்ன எழுத்து நேராக ஒரு முறை அவர் காதுக்குப் போகிறது. பிறகு சுவரிலும் கூரையிலும் தரையிலும் மோதி, சற்றுத் தாமதமாகப் பலமுறை போகிறது. முதல் எழுத்தின் மிச்சம் அடங்குவதற்குள் அடுத்த ஐந்தாறு எழுத்துகள் வந்துவிடுகின்றன. பழைய ஓசை புது ஓசையை மூடிவிடுகிறது.

ஒலியியலில் இதை முதலில் அளந்து பார்த்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆசிரியர் வாலஸ் சபைன். 1895ஆம் ஆண்டு, அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் யார் பேசினாலும் புரியவில்லை என்று அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அந்த அறையில் ஒரு சொல் ஏறக்குறைய ஐந்தரை நொடி வரை காதில் விழுந்துகொண்டே இருந்தது. அவர் வேறோர் அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பிப் பார்த்தார். மெத்தை கூடக் கூட ஓசை தேங்கும் நேரம் குறைந்தது. நம் மண்டபங்களில் மெத்தை கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலிதான். மனித உடலும் உடையும்தான் நமக்கு மெத்தை. காலி மண்டபத்தில் ஒத்திகை பார்க்கும்போது படுமோசமாக ஒலித்தது, ஆட்கள் நிறைந்ததும் ஓரளவு தெளிவது இதனால்தான்.

இந்த அறிகுறிக்குச் சத்தத்தை ஏற்றுவது மருந்தே அல்ல. சத்தம் ஏறினால் தேங்கும் ஓசையும் அதே அளவு ஏறும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது. கத்திப் பேசினால் இன்னும் மோசம். உயிரெழுத்தின் ஓசைதான் பெரிது, நீளமானது. சொல்லை அடையாளம் காட்டும் க, ச, ட, த, ப போன்ற மெய்களின் ஓசை சிறியது, கணப்பொழுதில் முடிவது. கத்தும்போது "ஆ"வும் "ஓ"வும் வீங்கும். "த"வும் "ப"வும் அப்படியே கிடக்கும்.

தமிழில் இதற்கு ஒரு தனித் தொல்லை உண்டு. "கடை" என்பதற்கும் "கட்டை" என்பதற்கும், "படம்" என்பதற்கும் "பட்டம்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிப் பாருங்கள். "ட்ட" என்னும்போது நாக்கு ஒரு கணம் அடைத்து நிற்கிறது, அந்த நேரத்தில் ஓசையே இல்லை. அந்த மௌனம்தான் இரட்டிப்பைக் காட்டுகிறது. ஓசை தேங்கும் மண்டபத்தில் அந்தச் சின்ன மௌனத்தை முந்தைய எழுத்தின் மிச்சம் நிரப்பிவிடும். பிறகு கட்டையும் கடையும் ஒன்றுதான்.

மருந்து வேகத்தில் இருக்கிறது. "மெதுவாகப் பேசுங்கள்" என்றால் பலர் ஒவ்வொரு சொல்லையும் இழுக்கிறார்கள். "அன்பாஆஆர்ந்த பெரியோஓஓர்களே" என்று இழுத்தால் உயிரெழுத்துதான் நீள்கிறது, தேங்கும் ஓசைக்குத் தீனி போடுகிறோம். சொல்லைச் சாதாரண நீளத்திலேயே, மெய்களை அழுத்திச் சொல்லுங்கள். மெதுவாக்க வேண்டியது சொற்கூட்டங்களுக்கு இடையே. மூன்று நான்கு சொற்களுக்கு ஒருமுறை அரை நொடி நிறுத்தம். ஒரு கருத்து முடிந்தால் ஒன்றரை நொடி. ஒன்றரை நொடி என்பது மேடையில் நிற்பவருக்குப் பெரிய வெட்டவெளி போலத் தோன்றும். கீழே இருப்பவருக்கு அது மூச்சு விடும் நேரம், அவ்வளவுதான்.

அளவு வேண்டுமானால் இப்படிப் பாருங்கள். உங்கள் உரையில் நூறு சொற்களை எண்ணிக் குறித்துக்கொண்டு கடிகாரம் வைத்துப் படியுங்கள். வீட்டுக் கூடத்தில் முக்கால் நிமிடத்தில் முடித்துவிடுவீர்கள். பெரிய மண்டபத்தில் ஒரு நிமிடத்துக்குக் குறையக் கூடாது. கைதட்டல் இரண்டு நொடிக்கு மேல் தேங்கும் இடமாக இருந்தால் ஒன்றேகால் நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேல் மெதுவாக்கினால் கேட்பவர் வாக்கியத்தின் தொடக்கத்தை மறந்துவிடுவார், அது வேறு நோய்.

இந்தக் கணக்கிலேயே ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் உங்களுக்கு உரிய சொற்கள் எண்ணூறிலிருந்து ஆயிரம் வரைதான். ஆயிரத்து நானூறு சொற்களை எழுதிக்கொண்டு வந்துவிட்டு மேடையில் மெதுவாகப் பேச யாராலும் முடியாது. வெட்டுவதை வீட்டிலேயே செய்துவிட வேண்டும்.

அறிகுறி: வாக்கியத்தின் தலை வருகிறது, வால் வரவில்லை

நான் கடைசிச் சுவரில் நின்று அதிகம் பார்த்தது இதைத்தான். மற்ற அறிகுறிகள் எரிச்சலோடு போய்விடும். இது ஆட்களைத் தப்பான வரிசையில் நிற்க வைக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு மண்டபம். ஏறக்குறைய முப்பது மீட்டர் நீளம். ஒரு கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். செயலாளர் நல்ல குரல்வளம் உள்ளவர். அவர் படித்த அறிவிப்பு ஏறக்குறைய இப்படி இருந்தது:

"கடந்த செயற்குழுக் கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவின்படி, குடும்ப அட்டை நகலை ஏற்கெனவே அலுவலகத்தில் ஒப்படைத்துள்ள உறுப்பினர்கள் மீண்டும் நகல் கொடுக்க வேண்டாம் எனவும், ஒப்படைக்காத உறுப்பினர்கள் மட்டும் வரும் இருபதாம் தேதிக்குள் அறுபது ரூபாய் கட்டணத்துடன் வண்ணாரப்பேட்டைக் கிளையில் சமர்ப்பிக்க வேண்டும் எனவும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

காகிதத்தில் பிழையே இல்லை. இருபத்தைந்து நொடியில் படித்து முடித்தார். கூட்டம் கலைந்ததும் பின்வரிசைக்காரர்கள் பலர் மேசை முன்னால் நகலோடு நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே கொடுத்தவர்கள். "கொடுக்க வேண்டும் என்றுதானே சொன்னீர்கள்?" என்று சண்டை.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஆமா, இல்லையா, செய்வதா, விடுவதா என்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. "வேண்டும்", "வேண்டாம்" இரண்டுக்கும் இடையே ஓர் உயிர்தான் வேறு. அந்த இடத்தில்தான் மூன்று சங்கடங்கள் ஒரே நேரத்தில் கூடுகின்றன. மூச்சு தீர்ந்திருக்கும். குரல் இயல்பாகவே இறங்கும். அதோடு, படிப்பவர் அடுத்த வரியைத் தேடித் தலையைக் குனிவார். இந்தக் கடைசிச் சங்கடத்தை யாரும் கவனிப்பதில்லை. மெய்களின் கூர்மையான ஓசை வாய் பார்க்கும் திசையில்தான் நன்றாகப் போகும். வாய் காகிதத்தைப் பார்த்தால் அந்த ஓசையும் காகிதத்துக்கே போகும். ஸ்டாண்டு மைக்காக இருந்தால் வாய் மைக்கை விட்டும் விலகிவிடுகிறது.

முதல் திருத்தம் கண்ணில். வாக்கியத்தின் கடைசி மூன்று சொற்களைக் காகிதத்தைப் பார்க்காமல், கடைசி வரிசை முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்லி முடித்து, நிறுத்தி, அதற்குப் பிறகு குனிந்து அடுத்த வரியைத் தேடுங்கள். தேடும் நேரமே உங்கள் ஒன்றரை நொடி நிறுத்தம் ஆகிவிடும். காகிதத்தை மேசையில் வைக்காமல் மார்பு உயரத்தில், சற்று ஓரமாகப் பிடித்தால் தலை குனியும் அளவு குறையும். முகத்துக்கு நேரே பிடித்தால் காகிதமே குரலை மறைக்கும்.

இரண்டாவது திருத்தம் மூச்சில். நீண்ட வாக்கியத்தின் நடுவில், வினைக்கு இரண்டு மூன்று சொற்கள் முன்பாக மூச்சு எடுங்கள். வாக்கியம் முடிந்த பின் மூச்சு எடுப்பது எல்லோருக்கும் பழக்கம். முடிவதற்கு முன் எடுப்பதைப் பழக வேண்டும். "மறுபடி நகல் / கொடுக்கத் தேவையில்லை" என்று அந்தக் கோட்டில் மூச்சு எடுத்துப் பாருங்கள், வினை தானாகவே நிமிர்ந்து நிற்கும்.

மூன்றாவது திருத்தம் எழுத்தில், என் கணக்கில் இதுவே முக்கியம். "வேண்டாம்" என்பதை மேடையிலிருந்து விலக்கிவிடுங்கள். "தேவையில்லை", "கூடாது" என்பவை வேண்டும் என்பதோடு குழம்பாது. "முடியும், முடியாது", "வரும், வராது" என்பவையும் வால் அறுந்தால் குழம்பும் ஜோடிகள். அவற்றை வேறு சொல்லால் மாற்றுங்கள். "பஸ் வராது" என்பதைவிட "பஸ் ரத்து" என்பது கடைசி வரிசைக்குப் பத்திரமாகப் போகும். எதிர்மறை வருகிறது என்பதற்கு முன்பே ஓர் அடையாளமும் வைக்கலாம். "எதுவும்", "யாரும்", "ஒருபோதும்" என்று முன்னால் ஒரு சொல் வந்தால் பின்னால் வருவது பெரும்பாலும் இல்லை என்பதுதான் என்று காது தயாராகிவிடும்.

வினையை முன்னுக்குக் கொண்டுவருவதும் தமிழுக்குப் புதிதல்ல. "வாருங்கள், எல்லோரும்" என்று அழைக்கிறோம் இல்லையா. ஆனால் ஓர் உரையில் ஒன்றிரண்டு இடத்துக்கு மேல் செய்தால் நாடக வசனமாகிவிடும்.

செயப்பாட்டு வினைகளையும் மற்ற நீளமான வினைகளையும் வெட்டிவிடுங்கள். "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பதில் எத்தனை எழுத்து, எவ்வளவு மூச்சு! அதில் செய்தி என்று ஒன்றும் இல்லை. "தெரிவிக்கப்பட்டிருக்கிறது" என்பது "சொன்னார்கள்" ஆகட்டும். "நடைபெறவிருக்கிறது" என்பது "நடக்கும்" ஆகட்டும். தரம் குறைந்துவிடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். கேட்காத தரத்தை வைத்து என்ன செய்வது?

இப்போது அந்த அறிவிப்பை மண்டபத்துக்கு ஏற்றபடி எழுதிப் பார்ப்போம். ஒற்றைக் கோடு அரை நொடி. இரட்டைக் கோடு ஒன்றரை நொடி.

குடும்ப அட்டை நகல். / அது பற்றி ஒரு செய்தி. //
நகலை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? //
உங்களுக்கு வேலை எதுவும் இல்லை. / மறுபடி கொடுக்கத் தேவையில்லை. //
இன்னும் பாக்கி இருக்கிறவர்கள் / கவனியுங்கள். //
நகலைக் கொண்டு வாருங்கள். / பணமும் கொண்டு வாருங்கள். //
பணம் / அறுபது ரூபாய். / ஓர் ஐம்பது, ஒரு பத்து. / அறுபது. //
கடைசி நாள் / இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை. //
இடம் / வண்ணாரப்பேட்டைக் கிளை. / எம்.சி. ரோட்டில் இருக்கும் கிளை. //

படிக்க முக்கால் நிமிடம் ஆகும். முன்னதைவிடச் சொற்கள் கூடியிருக்கின்றன, ஆனால் சின்னச் சொற்கள். கூடிய நேரம் பெரும்பாலும் நிறுத்தங்களுக்கு உரியது. செயற்குழு முடிவு என்ற சொற்றொடர் போய்விட்டது. அதை அறிவதால் யாரும் வேறு வரிசையில் நிற்கப் போவதில்லை. ஒரு வாக்கியத்தில் இரண்டு கூட்டத்தாரிடம் பேசியதைப் பிரித்து, யாரிடம் பேசுகிறோம் என்பதை முதலில் வைத்திருக்கிறேன். "கொடுத்தவர்கள்", "கொடுக்காதவர்கள்" என்று எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். அந்த இரண்டும் நடுவில் மட்டுமே வேறுபடுகின்றன, கடைசி வரிசையில் ஒன்றாகிவிடும். "பாக்கி" என்ற சொல் எதோடும் குழம்பாது.

அறிகுறி: எண்ணும் ஊர்ப்பெயரும் மாறிப் போகின்றன

இருபதும் அறுபதும் ஒன்றாகக் கேட்கும். ஒன்பதும் எண்பதும் அப்படித்தான். வால் பலமாக இருக்கிறது, வேறுபாடு தலையில் இருக்கிறது. முந்தைய சொல்லின் மிச்ச ஓசை அந்தத் தலையை மூடிவிடும். மேலே பார்த்த அறிவிப்பின் முதல் வடிவில் இருபதும் அறுபதும் அடுத்தடுத்து வேறு வந்தன.

எண்ணுக்கு முன்னால் ஒரு நிறுத்தம் கட்டாயம். முந்தைய ஓசை அடங்கிய பிறகு எண்ணின் முதல் எழுத்து வெளியே வரட்டும். பிறகு அதே எண்ணை வேறு வழியில் ஒருமுறை சொல்லுங்கள். தேதிக்குக் கிழமை, ரூபாய்க்கு நோட்டுக் கணக்கு, தொலைபேசி எண்ணுக்கு ஒவ்வோர் இலக்கமாக, இரண்டிரண்டாகப் பிரித்து. அப்படியே திருப்பிச் சொன்னால் முதல் முறை தப்பாகக் கேட்டவர் இரண்டாம் முறையும் தப்பாகவே கேட்பார்.

ஊர்ப்பெயரில் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை. பின்வரிசைக்கு மூன்றுமே "பேட்டை"தான். ராயபுரம் என்று சொன்னால் ராயப்பேட்டை என்று கேட்டுக்கொண்டு நகரின் மறுபக்கம் போனவர்களும் உண்டு. ஊர்ப்பெயரோடு எப்போதும் ஓர் அடையாளம் சேருங்கள். "தண்டையார்பேட்டை" என்று நிறுத்திவிடாமல் எந்தச் சாலை, எந்தக் கோயில், எந்த நிறுத்தம் என்று ஒரு சொல் கூடப் போடுங்கள். ஆட்பெயருக்கும் இதே விதி. பாராட்டுரையில் ஐந்து பெயர்களை அடுக்கினால் ஒவ்வொருவருக்கும் இடையே கைதட்ட இடம் விடுங்கள். அந்தக் கைதட்டல் அடங்கும் வரை அடுத்த பெயரை எடுக்காதீர்கள்.

அறிகுறி: பின்னால் இரண்டு குரல் கேட்கிறது

இது என் பக்கத்துக் குற்றம். மண்டபத்தின் பின்பாதியில் கூடுதல் ஒலிபெருக்கிப் பெட்டி வைத்திருந்தால், மின்கம்பி வழியாகப் போன குரல் அங்கே உடனே ஒலிக்கும். மேடைப் பக்கத்துப் பெட்டியின் குரல் காற்று வழியாக நடந்து வர வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. முப்பது மீட்டருக்கு நொடியில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆகும். இந்தத் தாமதம் நொடியில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினாலே காது அதை இரண்டாவது குரலாகப் பிரிக்கத் தொடங்கும்.

பின்பெட்டிக்குத் தாமதம் கொடுக்கும் வசதி மிக்சரில் இருந்தால், மீட்டருக்கு மூன்று மில்லி நொடி என்று வைக்கச் சொல்லுங்கள். வசதி இல்லை என்றால் பின்பெட்டியின் சத்தத்தை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது அணைத்துவிடச் சொல்லுங்கள். ஆபரேட்டர் முறைப்பார். பரவாயில்லை, முறைக்கட்டும்.

அறிகுறி: "ப" வரும்போதெல்லாம் பெட்டி வெடிக்கிறது

மைக்கை உதட்டுக்கு நேரே ஒட்டிப் பிடித்திருக்கிறீர்கள். ஒரு கைப்பிடி அளவு தள்ளி, வாயின் ஓரத்திலிருந்து சாய்வாகப் பிடியுங்கள். கழுத்து திரும்பும் பக்கமெல்லாம் மைக்கும் கூடவே திரும்ப வேண்டும்.

அறிகுறி: ரயில் போகும்போது நான்கு வாக்கியம் காணாமல் போகிறது

கொருக்குப்பேட்டை, ராயபுரம் ரயில் பாதைகளை ஒட்டிய மண்டபங்களில் இது நடக்கும். ரயிலோடு போட்டி போட்டுக் கத்தாதீர்கள். சரக்கு ரயிலாக இருந்தால் நீண்ட நேரம் ஆகும், நில்லுங்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடராமல், அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி எடுங்கள். இரைச்சலுக்குள் பாதி வாக்கியத்தைத் தொலைத்தவருக்கு மறுபாதி பயன்படாது.

மின்விசிறி இரைச்சல் ரயிலைவிடப் பொல்லாதது, ஏனென்றால் அது நிற்பதே இல்லை, யாருக்கும் உறைப்பதும் இல்லை. மெல்லிய மெய்களை அது அரித்துக்கொண்டே இருக்கும். மே மாதத்தில் விசிறியை அணைக்கச் சொன்னால் அடிக்க வருவார்கள். மேடைக்கு மிக அருகே மைக்கைப் பார்த்து ஊதும் பெரிய விசிறியை மட்டும் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், அதிலேயே பெரும்பாதி தீரும்.

அறிகுறி: மின்சாரம் போய்விட்டது, தொண்டை கிழிகிறது

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பெரம்பூர்ப் பகுதியில் தொடங்கிய நாட்களில் மில் தொழிலாளர்களிடம் திரு.வி.க. பேசியபோது ஒலிபெருக்கி கிடையாது. ஆக, மைக் இல்லாமல் முடியும்தான். ஆனால் மேடையிலேயே நின்று கத்தினால் முடியாது.

மேடையை விட்டு இறங்கி நீளச்சுவர் ஓரமாக மண்டபத்தின் நடுப்பகுதிக்கு வாருங்கள். கடைசி வரிசைக்கு உள்ள தூரம் பாதியானால் உங்கள் வாயிலிருந்து நேராகப் போகும் குரல் ஆறு டெசிபல் கூடும். சுவரில் மோதித் தேங்கும் ஓசை அந்த அளவு கூடாது. தொண்டைக்கு ஒரு பைசா செலவில்லாத லாபம் இது. சுவர் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். முன்வரிசைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிக்கொள்ளட்டும். ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றால் இன்னும் நல்லது. உங்கள் வாய்க்கும் கடைசி வரிசைக் காதுக்கும் இடையே தலைகள் மறைத்தால் மெய்கள்தான் முதலில் அங்கே மாட்டிக்கொள்ளும்.

இந்த நிலையில் வாக்கியத்துக்கு ஐந்தாறு சொற்களுக்கு மேல் எடுக்காதீர்கள். குரலின் உயரத்தைக் கீச்சென்று ஏற்றாமல், வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொற்கூட்டத்துக்கும் புது மூச்சு எடுங்கள். பத்து நிமிடத்தில் தொண்டை எரிந்தால் மெய்யை விட்டுவிட்டு உயிரைப் பிடித்துக் கத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

அறிகுறி: முதல் பாதி நன்றாக இருந்தது, பிற்பாதி கலங்குகிறது

கீழ்த்தளத்தில் பந்தி தொடங்கியிருக்கும். பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். ஓசையை உறிஞ்சிய உடல்கள் குறைந்ததும் மண்டபம் காலையில் ஒத்திகை பார்த்த காலி மண்டபமாக மாறத் தொடங்கும். தலைவர், நன்றியுரை சொல்பவர் எல்லோரும் இந்த நேரத்தில்தான் பேசுவார்கள். நேரம் போய்விட்டதே என்று வேகத்தைக் கூட்டுவார்கள், மண்டபமோ வேகத்தைக் குறைக்கச் சொல்லும் நேரம் அது. இரண்டு வழிகள் இருக்கின்றன. மீதி இருப்பவர்களை முன் வரிசைகளுக்கு வரச் சொல்லிவிட்டு மேடைப் பக்கத்துப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு பேசலாம். அல்லது எழுதி வைத்த நன்றிப் பட்டியலில் பாதியை அடித்துவிட்டு, மீதிப் பெயர்களை நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம். மைக் செட்காரர் பெயரை அடித்தாலும் எனக்கு வருத்தமில்லை.